அறிவுரை வேண்டாம், காது வேண்டும்: நண்பரிடம் நேராகக் கேட்பது எப்படி

மனப்பாரத்தை இறக்கி வைக்கலாம் என்று நண்பரைத் தேடிப் போகிறோம். அரை மணி நேரம் கழித்து ஐந்து யோசனை, ஒரு கோயில் பெயர், ஒரு டாக்டர் பெயர் எல்லாம் வாங்கிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே திரும்பி வருகிறோம். இதில் நண்பர்மேல் குற்றமில்லை. கஷ்டத்தைச் சொன்னவருக்கு வழி சொல்வதைத்தான் நம்மவர்கள் பாசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் "கல்லு மாதிரி உக்காந்திருந்தான்" என்ற பெயர் வந்துவிடும். அதனால் "நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே எனக்கு உதவி" என்பதை நாம்தான் முன்கூட்டியே, வாய்விட்டு, தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

இந்த வழிகாட்டி மலேசியாவில் தோட்டத்தை ஒட்டிய சின்ன டவுனில் இருப்பவர்களுக்கானது. பெரிய பட்டணத்தில் இல்லாத மூன்று சிக்கல்கள் இங்கே உண்டு: யாரைத் தொட்டாலும் ஒரு சொந்தம் வரும், பேசுவதற்குத் தனி இடம் கிடைக்காது, பாதிப் பேர் ஷிப்ட் வேலையில் இருக்கிறார்கள்.

கடைசிவரை ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயதுப் பெண், டவுனில் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறார். அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். இரண்டு நாள் அம்மா வேனில் போய் வருகிறார். சனிக்கிழமை மகள் கூட்டிப் போகிறார். அண்ணன் ஜொகூர் பாருவிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறார், போனில் "அம்மாவுக்கு உப்பக் குறை" என்கிறார். மகள் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: சில நாள் அம்மாமேலேயே எரிச்சல் வருகிறது, பிறகு அதை நினைத்து வெட்கமாக இருக்கிறது. இதற்குத் தீர்வு என்று எதுவும் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் வைத்திருக்கவும் முடியவில்லை.

1. எது வேண்டும் என்று முதலில் நீங்களே முடிவு செய்யுங்கள்

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். நண்பர் இப்போதே மிகச் சரியான ஒரு யோசனை சொன்னால் உங்களுக்கு நிம்மதி வருமா, எரிச்சல் வருமா? நிம்மதி வரும் என்றால் உங்களுக்குத் தேவை ஆலோசனை. தயங்காமல் அதையே கேளுங்கள். "அது எனக்கும் தெரியும்" என்று உள்ளே ஒரு எரிச்சல் எழுந்தால் உங்களுக்குத் தேவை காது. நம் உதாரணப் பெண்ணிடம் "ஒரு ஆள் வச்சுக்கோ" என்றால் அவருக்கு எரிச்சல்தான் வரும். அந்தக் கணக்கை அவர் ஏற்கெனவே பத்துத் தடவை போட்டுப் பார்த்திருப்பார்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பேங்க் கடிதம், கோர்ட் தேதி, வேலை நீக்க நோட்டீஸ் என்று கெடு உள்ள விஷயமாக இருந்தால் முதலில் ஆலோசனை கேளுங்கள். கெடு தவறிய பிறகு எவ்வளவு நல்ல காது கிடைத்தாலும் பிரயோஜனமில்லை.

முடிவு செய்தபின் சொல்ல வந்ததை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். இந்தக் காரியத்துக்கு வேண்டிய ஒரே பத்திரம் அதுதான். "அம்மாமேல எரிச்சல் வருது, அது எனக்கு வெட்கமா இருக்கு" என்பது போல ஒரு வரி. இது இல்லாமல் போனால் பேச்சு அண்ணன் அனுப்பும் பணத்தில் ஆரம்பித்து, அண்ணி பேசிய பேச்சில் நுழைந்து, போன தீபாவளிச் சண்டையில் முடியும். நேரமும் போய்விடும், அந்த வரியும் உள்ளேயே நின்றுவிடும். எழுதிய தாளைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். அதை யாருக்கும் காட்ட வேண்டாம்.

2. ஆளைத் தேர்ந்தெடுப்பது

நெருக்கமான நண்பர்தான் சரியான ஆள் என்று எண்ண வேண்டாம். நீங்கள் யாரைப் பற்றிப் பேசப் போகிறீர்களோ அவரோடு அதிகம் பழக்கமில்லாதவர்தான் நல்லவர். நம் பெண்ணின் உயிர்த்தோழி அண்ணியின் சித்தப்பா மகளாகவும் இருக்கலாம், நம் ஊர்களில் அது சாதாரணம். அப்படிப்பட்டவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பேச்சின் நடுவில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு அடையாளம் உண்டு. அவர் உங்களிடம் மற்றவர்களின் கதையைக் கொண்டு வருகிறாரா? "உன்கிட்ட மட்டும் சொல்றேன்" என்று பிறர் விஷயத்தைக் கொண்டு வருபவர் உங்கள் விஷயத்தையும் அதே முன்னுரையோடு வேறொரு வீட்டுக்குக் கொண்டு போவார். கோயில் கமிட்டியிலோ கட்சிக் கிளையிலோ ஓடியாடிக்கொண்டிருக்கும் ஆளும் இதற்குச் சரிப்பட மாட்டார். ஆள் கெட்டவர் என்பதல்ல, ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் பேச வேண்டியவர்.

தற்சமயம் அவர் வீட்டிலேயே நோய், சாவு, வேலை இழப்பு ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள். மறுக்கத் தெரியாத மனிதர் என்றால் வந்து உட்காருவார், ஆனால் காது இருக்காது.

நம் பெண் தேர்ந்தெடுத்தவர் தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்தவர். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாதத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த நெருக்கமே போதும்.

3. செய்தி அனுப்புவது

முக்கால்வாசி தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. "பேசணும்" என்று ஒற்றை வார்த்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அதைப் பார்த்தவருக்கு முதலில் தோன்றுவது கைமாற்று. அடுத்தது ஜாமீன். ஆலோங்கிடம் மாட்டிக்கொண்டானோ என்ற பயமும் வரும். பதில் வராது. நீங்களோ "என்மேல் அக்கறை இல்லை" என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

நம் பெண் அனுப்பியது இப்படி:

"பசியாறிட்டியா? அவசரம் ஒண்ணும் இல்ல. அம்மாவ பாத்துக்குறதுல எனக்கு ரொம்ப முடியல, அத யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. காசு விஷயம் இல்ல, உன்மேல கோவமும் இல்ல. அரை மணி நேரம் நான் பேசுறேன், நீ கூட உக்காந்திருந்தா போதும். யோசனை சொல்ல வேணாம். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு, அம்மா டயாலிசிஸ்ல இருக்கும்போது முடியுமா? இல்லன்னா ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு. இப்ப முடியலன்னா முடியலன்னு சொல்லிடு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

நீளமான செய்திதான், அதைக் குறைக்க வேண்டாம். "அவசரம் இல்ல" என்றதில் அவர் பதற்றம் அடங்குகிறது. எதைப் பற்றி என்று ஒரு வரியில் தெரிந்துவிடுவதால் ராத்திரியெல்லாம் ஊகித்துக்கொண்டிருக்க மாட்டார். காசு இல்லை, கோபம் இல்லை என்ற இரண்டு "இல்லை"யும் கட்டாயம் இருக்க வேண்டும். "உன்கிட்ட மனசு விட்டுப் பேசணும்" என்று எழுதினால் பலருக்கு அது தன்மேல் ஏதோ மனத்தாங்கல் என்றுதான் படும். "அரை மணி நேரம்" என்று அளவு சொன்னதும் தன் ஷிப்டுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் அது எங்கே அடங்கும் என்று அவர் கணக்குப் போட முடிகிறது. கடைசி வரி மறுப்பதற்கு வைத்த கதவு. மறுக்க வழியில்லாமல் வந்தவர் பாதியில் போனைப் பார்க்க ஆரம்பிப்பார்.

தமிழில் கேட்கும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். "நீ கேட்டா போதும்" என்று எழுதாதீர்கள். நமக்குக் கேட்பது என்றால் காது கொடுப்பதும்தான், கேள்வி போடுவதும்தான். "கேட்டா போதும்" என்றதை இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்ட நண்பர், "எப்பலேர்ந்து? அண்ணன் எவ்வளவு அனுப்புறாரு? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று ஆரம்பித்தால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். "நான் பேசுறேன், நீ கூட இரு" என்று எழுதினால் குழப்பம் வராது. அதுபோல "ஆறுதல் வேணும்" என்றும் எழுத வேண்டாம். ஆறுதல் என்றால் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றுதான் நம்மவர்கள் புரிந்துகொள்வார்கள். "எல்லாம் சரியாயிடும்" அங்கிருந்துதான் வருகிறது.

குரல் பதிவு அனுப்பவே கூடாது. லயத்து வீட்டில் அவர் அதை ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் கேட்கும். யாருக்காவது அதைத் தள்ளிவிடுவதும் ஒரு விரல் வேலைதான். எழுத்திலும் விவரம் வேண்டாம், தலைப்பு போதும். எரிச்சல், வெட்கம் என்ற சொற்கள் நேரில் பேசும்போது வரட்டும். பள்ளிக்கால நண்பர்கள் குழுவில் போட்டுவிடாமல் தனிச் செய்தியாகத்தான் அனுப்புகிறோமா என்று ஒருமுறை மேலே பெயரைப் பாருங்கள். அவசரத்தில் குழுவில் விழுந்த செய்திகள் இந்த ஊரில் கொஞ்சநஞ்சமல்ல.

பதிலுக்கு இரண்டு நாள் கொடுங்கள். இரவு ஷிப்டில் இருப்பவர் செய்தியைப் பார்ப்பதே மறுநாள் மத்தியானம்தான்.

4. நேரம், இடம், செலவு

இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலையில் யாரிடமும் கேட்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் சீக்கிரம் முடிக்க நினைப்பார், சீக்கிரம் முடிக்க அறிவுரையை விட்டால் வேறு குறுக்குவழி இல்லை. மாதத்தில் 7-ஆம் தேதியை ஒட்டிய நாட்களும் வேண்டாம். சம்பளத்தை அந்தத் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம் என்பதால் பல வீடுகளில் அப்போதுதான் கையில் காசு வரும். சாமான் வாங்க, கூட்டுப்பணம் கட்ட என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். தைப்பூசம், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் அப்படித்தான்.

இடத்தில் கண்டிப்பாக இருங்கள். மாமாக் கடையும் ஒட்டுக்கடையும் தே தாரிக் குடிக்க நல்ல இடங்கள், அழ நல்ல இடங்கள் அல்ல. பக்கத்து மேசையில் யாரோ ஒரு மாமா இருப்பார். கோயில் படிக்கட்டு அமைதியாகத் தெரியும், ஆனால் பூசை முடிந்ததும் எல்லோரும் அந்த வழியாகத்தான் இறங்குவார்கள். லயத்து வீட்டில் தடுப்புச் சுவர் மேலே கூரைவரை எட்டாத இடங்கள் உண்டு. சாயங்கால மழை தகரக் கூரைமேல் இறங்கினால் கத்தித்தான் பேச வேண்டும், கத்திச் சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

எங்கள் கணிப்பில் மிக நல்ல இடம் நிறுத்தி வைத்த கார். திடலுக்குப் பக்கத்தில், மரநிழலில், கண்ணாடியைப் பாதி இறக்கி வையுங்கள். முன்சீட்டில் இருவரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. கண் கலங்கினால் வெளியே பார்த்துக்கொள்ளலாம். பேச்சு நின்றாலும் எதிர்த்தாற்போல் உட்கார்ந்திருக்கும்போது வரும் சங்கடம் வராது. கார் இல்லையென்றால் திடலைச் சுற்றி நடங்கள், அதிலும் இந்த வசதி உண்டு. ஆணும் பெண்ணுமாக இருந்தால் ஊர் வாய்க்கு இடம் கொடுக்காமல் போனில் பேசிக்கொள்வது நல்லது. அப்போது இரண்டு பேரும் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

நம் பெண் டயாலிசிஸ் நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் தேட வேண்டியதில்லை, "எங்க போற?" என்ற கேள்வியும் இல்லை. ஆனால் நிலையத்தின் காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் அங்கே இருப்பவர்கள் எல்லோரும் அம்மாவைத் தெரிந்தவர்கள். அதனால் கார் வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம்.

செலவு என்று பார்த்தால் ஆளுக்கு ஒரு தே, இரண்டு மூன்று வெள்ளி. பாக்கெட்டில் கட்டி வாங்கிக் காருக்குக் கொண்டு போங்கள். சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டாம். விருந்து வைத்தால் வந்தவர் அதற்கு ஈடாக ஏதாவது கொடுக்க நினைப்பார், அவர் கையில் இருப்பது அறிவுரைதான்.

5. பேச ஆரம்பித்த முதல் ஒரு நிமிடம்

செய்தியில் எழுதியது நேரில் மறந்துபோயிருக்கும். உட்கார்ந்ததும் இன்னொரு தடவை சொல்லுங்கள். கூடவே அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "ஒண்ணும் சொல்லாத" என்று மட்டும் சொன்னால் எதிரே இருப்பவருக்குக் கையைக் கட்டிப்போட்டது போல இருக்கும், ஐந்து நிமிடத்தில் கட்டை அவிழ்த்துக்கொள்வார். செய்யக்கூடாததைச் சொல்லும்போதே செய்யக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும்.

"நான் பேசும்போது ம் கொட்டு. நான் நிறுத்திட்டா 'அப்புறம்?'னு சொல்லு. என்ன சொல்றதுன்னு தெரியலன்னா, தெரியலன்னே சொல்லு, அதுவும் எனக்கு நல்லாத்தான் இருக்கும். நீ எதயும் சரி பண்ண வேணாம். இத உன் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லாத."

கடைசி வரியை அப்படியே சொல்ல வேண்டும். "யார்கிட்டயும் சொல்லாத" என்றால் கணவனும் மனைவியும் அந்த "யார்கிட்டயும்" கணக்கில் வர மாட்டார்கள் என்பது நம் ஊரில் எழுதாத விதி. பெயரிட்டுச் சொன்னால்தான் அடைபடும்.

பிறகு தாளில் எழுதிய அந்த ஒரு வரியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுற்றிவளைத்துக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தால் இருபத்தைந்தாவது நிமிடத்தில் அவருக்கு போன் வரும்.

6. அறிவுரை கசியும்போது

எவ்வளவு தெளிவாகக் கேட்டிருந்தாலும் அது கசியும். பழக்கம் அப்படி. அதற்காக முறைத்துக்கொள்ளாமல் எப்படித் திருப்புவது என்று தெரிந்து வைத்திருந்தால் போதும்.

நம் பெண்ணின் கார்ப் பேச்சில் இது நடந்த விதம்:

"சில நாள் அம்மாமேலயே கோவம் வருதுடி. தண்ணி அளவாத்தான் குடிக்கணும்னு தெரியும், இருந்தும் திருட்டுத்தனமா குடிக்கிறாங்க. நான் கத்திடுறேன்."

"சொக்சோல கேட்டியா? அங்க ஏதோ உதவி இருக்குன்னு…"

"அது நல்ல யோசனை, அப்புறம் கேட்டுக்குறேன். இப்ப இத முடிச்சிடுறேன். கத்திட்டு ராத்திரி படுத்தா தூக்கம் வரல."

"ம்."

"அவங்க முகம் சின்னதா ஆயிடும். அதுதான் திரும்பத் திரும்ப வருது."

"முகம் சின்னதா ஆயிடும்."

"ஆமாடி." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவங்க இல்லாமப் போயிட்டா இந்தக் கத்தினதுதானே எனக்கு ஞாபகம் இருக்கும்?"

அந்தத் தோழி கடைசியில் செய்ததைப் பாருங்கள். சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொன்னார், புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அங்கேதான் உள்ளே கிடந்த கேள்வி வெளியே வந்தது. முதல் தடவை யோசனை வந்தபோது நம் பெண் அதைத் தள்ளிவிடவும் இல்லை, விவாதிக்கவும் இல்லை. "நல்ல யோசனை, அப்புறம்" என்று ஓரமாக எடுத்து வைத்தார். "சொக்சோல அப்படியெல்லாம் கிடைக்காது" என்று பதில் சொல்லியிருந்தால் அடுத்த இருபது நிமிடம் விண்ணப்பப் பாரம் நிரப்புவது பற்றிப் போயிருக்கும். நண்பரின் யோசனை தவறு என்று நிரூபிக்கப் போவதுதான் இந்தப் பேச்சு கெடுவதற்கு முதல் காரணம்.

அறிவுரை எப்போதும் அறிவுரை வேஷத்தில் வருவதில்லை. "எங்க மாமியாருக்கும் இப்படித்தான்…" என்று அவர் கதைக்குள் போகலாம். அப்போது "உங்க கதையயும் நான் கேக்கணும், அடுத்த வாரம் அது உன் நேரம்" என்றால் மனம் நோகாமல் திரும்புவார். சொன்னால் அடுத்த வாரம் உட்காரவும் வேண்டும். "எல்லாம் விதி", "சாமி பாத்துக்கும்" என்று வந்தால் பதில் தேவையில்லை, ஒரு நொடி விட்டுத் தொடருங்கள். அவை நிறுத்தற்குறி போன்றவை. பேசுபவருக்கே அவற்றில் பெரிய அர்த்தம் இருப்பதில்லை.

ஆபத்தான வகை வேறு. உங்களுக்காகக் கோபப்படுகிறவர். "உங்க அண்ணனுக்கு நான் போன் போடுறேன், ரெண்டு வார்த்த கேக்குறேன்" என்பார். கேட்க இனிப்பாக இருக்கும். இனிப்பில் மயங்கி "கேளேன்" என்று சொல்லிவிட்டால் சின்ன டவுனில் அது ராத்திரிக்குள் வீட்டுச் சண்டையாகிவிடும். அந்த இடத்தில் மட்டும் குழைவு வேண்டாம். "நீ யார்கிட்டயும் போய்க் கேக்கக் கூடாது. எனக்காகக் கோவப்படுறது போதும்" என்று கறாராகச் சொல்லுங்கள்.

மூன்று தடவை திருப்பியும் யோசனை வந்துகொண்டே இருந்தால் நிறுத்திவிடுங்கள். "இன்னிக்கு இது போதும்டி" என்று பேச்சை மாற்றித் தேயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அவர் நல்ல நண்பர்தான், இந்த வேலைக்கு ஆளில்லை. கார் ரிப்பேருக்கும் ஆஸ்பத்திரி அலைச்சலுக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

7. முடிப்பது

சொன்ன அரை மணி நேரத்தில் நீங்களே முடியுங்கள். அவர் "பரவால்ல, இன்னும் பேசு" என்றாலும் பத்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். ஒரே விஷயத்தை மூன்றாம் தடவை அதே வார்த்தையில் சொல்லுகிறீர்கள் என்று தெரிந்தால் அதுதான் நிறுத்தும் இடம். அதற்குமேல் பேசப் பேச இறங்குவதற்குப் பதிலாகப் பாரம் ஏறும். இரண்டு நண்பர்கள் வாராவாரம் உட்கார்ந்து ஒரே குறையை அரைத்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்குமே மனம் கனத்துவிடும். ஒரே விஷயத்துக்கு ஒரே ஆளிடம் இரண்டு தடவை, அதிகம் போனால் மூன்று. அதற்குள் அசையவில்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கிளம்புமுன் எது உதவியது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "தேங்க்ஸ்" மட்டும் போதாது. "நீ என் வார்த்தையவே திருப்பிச் சொன்னப்ப எனக்கு நல்லா இருந்துச்சு" என்றால் அடுத்த தடவை அவர் அதையே செய்வார். இப்படித்தான் நண்பர்கள் பழகுகிறார்கள். இப்போது அந்த சொக்சோ விஷயத்தைக் கேட்க மனம் வந்தால் கேளுங்கள், ஓரமாக வைத்ததை எடுத்ததில் அவருக்கும் சந்தோஷம். மனமில்லையென்றால் விட்டுவிடலாம்.

மறுநாள் ஒரு வரிச் செய்தி போடுங்கள். "நேத்து நல்லா தூங்கினேன்" போதும். கொட்டிவிட்டுப் போனவர் என்ன ஆனாரோ என்று அவரும் யோசித்துக்கொண்டிருப்பார்.

8. மறுத்தால், அல்லது நண்பரால் தாங்க முடியாததாக இருந்தால்

"இந்த வாரம் முடியாது" என்று பதில் வந்தால் "சரி, பரவால்ல" என்று மட்டும் எழுதுங்கள், காரணம் கேட்க வேண்டாம். இதற்காகத்தான் இரண்டாவதாக ஒரு பெயரையும் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். இரண்டு நாளாகப் பதிலே இல்லையென்றால் ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்குப் பிறகும் இல்லையென்றால் அந்தக் கேள்வியை அவரிடம் மறுபடி கொண்டுபோக வேண்டாம், மற்றபடி வழக்கம்போல் பழகுங்கள்.

முன்பின் தெரியாத காது வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. அங்கே எடுப்பவர்கள் காது கொடுப்பதற்கென்றே பயிற்சி பெற்ற தொண்டர்கள், அறிவுரை சொல்வது அவர்கள் வேலையல்ல. தமிழில் பேச வேண்டுமென்றால் எடுத்ததும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் யார் பணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துக் கிடைக்கும், இல்லையென்றால் எப்போது கூப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவிக்கான ஹீல் லைன் எண் 15555.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டு, வேலையிலும் மனம் நிற்கவில்லை என்றால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி, அடையாள அட்டை எடுத்துப் போக வேண்டும். கவுண்டரில் விவரம் சொல்ல வேண்டியதில்லை, "தூக்கம் வரல" என்றால் போதும், மீதியை டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். காலையில் முன்கூட்டியே போய் எண் எடுத்தால் எம்சி இல்லாமலேயே மத்தியான ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம்.

செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்துபோனால், "காது கொடு, யோசனை வேண்டாம்" என்ற இந்த முறையை அங்கே பயன்படுத்தக் கூடாது. அப்போது நண்பரிடம் நேர்மாறாகக் கேட்க வேண்டும்: "எனக்கு சாகணும் போல இருக்கு. என்னத் தனியா விடாத, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ." ரகசியம் காக்கச் சொல்லியிருந்தாலும் அந்த வாக்கு இதற்குப் பொருந்தாது என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று இன்னமும் பலர் பயந்து வாயைத் திறப்பதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அவசரம் என்றால் 999, இல்லாவிட்டால் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. அது ராத்திரியும் திறந்திருக்கும்.